படத்தில் 42 வரி, கையில் 24 வரி

மதிப்பிற்குரிய அம்மையீர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி – தேவகோட்டைச் சாலையில் நாம் கட்டிவரும் வீட்டுக்காகத் தாங்கள் அனுப்பிய ஆறு முப்பரிமாணப் படங்களும் கிடைத்தன. வீட்டுக்காரருக்கும் அவருடைய தாயார் பெரிய ஆச்சிக்கும் படங்கள் மிகவும் பிடித்துவிட்டன. பிடித்துவிட்டதால்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுத வேண்டியதாயிற்று. படத்தில் காணும் சுவர், தரை, மரம் ஆகிய மூன்றும் இப்பகுதியில் நாம் வாங்கக்கூடிய பொருள்களிலிருந்து எங்கெங்கே மாறுபடுகின்றன, ஒவ்வோர் இடத்திலும் நமக்கு என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதை நான் விரும்புகிறேன், ஏன் விரும்புகிறேன் என்பதைக் கீழே எழுதியுள்ளேன். முடிவு தங்களுடையது. ஆனால் அந்த முடிவு தரைக்கு அடியில் வரும் பிசிசி கான்கிரீட் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும். அதற்கான காரணத்தைத் தரையைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

முதலில் மேற்குச் சுவர். சாலையிலிருந்து பார்க்கும் எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். படத்துக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். படத்தில் அது பூச்சு இல்லாத செங்கல் சுவராக, வெளிர் சிவப்பில், ஒரே சீராகத் தெரிகிறது. நிறம் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அளவுதான் கவலை. படத்தைப் பெரிதாக அச்சடித்து, முன்வாசல் கதவுக்குப் பக்கத்தில் தரை முதல் கதவுக்கு மேலே குறுக்காக வரும் லிண்டலின் அடி வரை எத்தனை கல் வரி இருக்கிறது என்று எங்கள் மேஸ்திரி எண்ணினார். 42 வரி வந்தது. நானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தேன், மாறவில்லை. தங்கள் வரைபடத்தில் அந்த உயரம் 2100 மில்லிமீட்டர். ஆகவே கல்லும் கலவையும் சேர்ந்து ஒரு வரி 50 மில்லிமீட்டர் ஆகிறது. கலவைக்குப் பத்து போனால் கல்லின் உயரம் 40. அதேபோல 1500 மில்லிமீட்டர் அகலமுள்ள சன்னலின் மேல் ஐந்து கற்கள் வருகின்றன. அப்படியானால் ஒரு கல்லின் நீளம் 290. நாற்பது மில்லிமீட்டர் உயரமும் முந்நூறுக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள செங்கல் இங்கே எந்தச் சூளையிலும் கிடையாது. படம் வரையும் மென்பொருளில் வரும் கல் வடிவங்களில் பல வெளிநாட்டு அளவுகளை வைத்துச் செய்தவை என்பதால் இது நேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், குறையாகச் சொல்லவில்லை.

நம் ஊரில் கையில் கிடைக்கும் கல் ஏறக்குறைய 230 நீளம், 110 அகலம், 75 உயரம். அந்தக் கல்லில் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கலவை வைத்தால் ஒரு வரி 87.5 ஆகும், அதே 2100 உயரத்தில் சரியாக 24 வரி வரும். நாற்பத்திரண்டு வரி உள்ள சுவர் படுக்கைக் கோடுகள் நெருங்கி, நீண்டு, தாழ்ந்து தெரியும். இருபத்து நான்கு வரி உள்ள சுவரோ கல் கல்லாக, கனமாகத் தெரியும். நிறத்தை எவ்வளவு பொருத்தினாலும் இந்த வேறுபாடு போகாது. ஆகையால், படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட ஆச்சி, கட்டிய சுவரைப் பார்த்து “இது வேறு வீடு மாதிரி இருக்கிறதே” என்று கேட்டால் நம் இருவரிடமும் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, படத்துக்கு மிக அருகில் வரும் வழி: சாதாரணக் கல்லில் சுவர் கட்டி, பூசி, அதன் மேல் களிமண் ஒட்டுக்கல் ஒட்டுவது. எனக்கு வந்த மாதிரிகளில் மெல்லியது 50 மில்லிமீட்டர் உயரம் உள்ளது. பத்து மில்லிமீட்டர் இடைவெளியோடு ஒட்டினால் 35 வரி வரும். 42 வராது என்றாலும் கண்ணுக்கு அந்தச் சாயல் கிடைக்கும். ஆனால் தங்கள் படத்தில் சன்னல்களின் பக்கவாட்டில் கல் உள்ளே மடங்கிச் செல்வது தெளிவாகத் தெரிகிறது. ஒட்டுக்கல்லின் கனம் முக்கால் அங்குலம்தான். மூலையில் அந்தக் கனம் வெளியே தெரிந்துவிட்டால் இது ஒட்டியது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அதைத் தவிர்க்க ‘எல்’ வடிவ மூலைக்கல் வேண்டும். அது தனியாகச் சொல்லிச் செய்யவேண்டிய பொருள். நம் சுவரில் எட்டுத் திறப்புகள் இருப்பதால் மூலைக்கல் மட்டுமே ஒரு பெரிய செலவாக நிற்கிறது. இன்னொரு பயமும் உண்டு. மேற்கு வெயில் பிற்பகல் முழுதும் சூடேற்றி, மாலை இடிமழை திடீரென்று குளிர்விக்கும் சுவரில் பசையும் பூச்சும் ஒட்டுக்கல்லும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். ஒட்டுபவர் பசையைக் கல் முழுவதும் பரப்பாமல் நடுவில் மட்டும் நாலு உருண்டை வைத்து அழுத்திவிட்டால் ஓரங்கள் வெற்றாக நின்று, அங்கே தண்ணீர் தங்கி, இரண்டு மூன்று மழைக்காலத்தில் கல் கழன்று விழும். ஒட்டி முடித்த சுவரைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தால் வெற்று ஓசை எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் தெரிந்த பிறகு செய்யக்கூடியது பெயர்த்து மறுபடி ஒட்டுவதுதான்.

இரண்டாவது, வயர் கட் கல். இயந்திரத்தில் பிதுக்கி, கம்பியால் அறுத்துச் சுடும் இந்தக் கல் விளிம்பு கூர்மையாக, அளவு மாறாமல் இருக்கும். இதை நாம் வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். மேற்குச் சுவர் திறப்புகள் நீங்கலாக ஏறக்குறைய 61 சதுர மீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் முழுவதையும் இந்தக் கல்லிலேயே கட்டினால் சதுர மீட்டருக்கு 94 கல் வீதம், சேதாரத்தோடு சேர்த்து, 6,200 கல் வேண்டும். வெளிமுகத்துக்கு மட்டும் வயர் கட் கல்லும் உட்புறத்துக்கு நாட்டுக் கல்லும் வைத்தால் மிச்சமாகுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நாட்டுக் கல்லின் உயரம் 70 முதல் 78 வரை ஓடும்; வயர் கட் கல் 75-இல் நிற்கும். இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் ஏறாவிட்டால் குறுக்குக் கல் வைத்து இரண்டையும் பிணைக்க முடியாது. கொத்தனார் ஒவ்வொரு வரியிலும் கலவையைக் கூட்டியும் குறைத்தும் சமாளிப்பார், அதன் அசிங்கம் வெளிமுகத்தில்தான் தெரியும். ஆகவே முழுச் சுவரும் ஒரே கல்லில் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மொத்தக் கல்லும் இரண்டு லாரி அளவு. இரண்டும் ஒரே சூட்டில் எடுத்ததாக இருந்தாலும் ஒரு லாரியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாது. இரண்டிலிருந்தும் கலந்து எடுத்தால்தான் சுவரில் நிறம் பட்டை பட்டையாக மாறாது.

மூன்றாவது, மானாமதுரைப் பக்கத்துச் சூளைக் கல்லைப் பொறுக்கிக் கட்டுவது. அதன் சிவப்பில் ஓர் உயிர் இருக்கிறது. எனக்கு அந்தக் கல்லின் மேல் ஒரு சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், என் தகப்பனார் கட்டியதெல்லாம் அந்தக் கல்தான். ஆனால் வெளிமுகம் தெரியக் கட்டும்போது ஆயிரம் கல்லைக் கொட்டினால் நல்ல முகமும் முனை உடையாத விளிம்பும் உள்ளதாக முந்நூறு, நானூறுதான் தேறும். மிச்சக் கல்லை உட்சுவர்களுக்குப் பயன்படுத்தலாம், வீணாகாது. பொறுக்கும் கூலியும் நேரமும்தான் கூடும். மேலும் மழைக்காலத்தில் சூளைகள் வேலையை நிறுத்திவிடும் என்பதால், ஐப்பசிக்கு முன் வாங்கி அடுக்காவிட்டால் தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

கல்லைத் தேர்வு செய்வதில் நான் விலையைவிட அதிகமாகப் பார்ப்பது உப்பை. பூச்சு இல்லாத சுவரில் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது வெள்ளை வெள்ளையாகப் பூக்குமே, அது கல்லின் மண்ணிலோ கலவைக்கு ஊற்றிய தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து படிவது. படத்தில் இது ஒருநாளும் வராது. நம் மனையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. அதனால் இந்தச் சுவருக்கு மட்டுமாவது வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து கலவை போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். கல்லைப் பொறுத்தவரை, இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3495 சொல்லும் எளிய சோதனையைக் களத்திலேயே செய்தேன். தட்டில் ஓர் அங்குல உயரம் நல்ல தண்ணீர் ஊற்றி, கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுவதையும் கல் உறிஞ்சிக் காயவிட்டு, மறுபடி அதே அளவு தண்ணீர் ஊற்றி, மறுபடி காயவிட்டுப் பார்க்க வேண்டும். கல்லின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் மெல்லிய உப்புப் படிந்தால் அது சிறிதளவு. பாதி வரை படிந்தால் நடுத்தரம். அதற்கு மேல் போனால் கடுமை. வயர் கட் மாதிரிகள் ஐந்திலும் ஒன்றுமே தெரியவில்லை. சூளைக் கல் ஐந்தில் இரண்டு சிறிதளவு, ஒன்று நடுத்தரம்.

தண்ணீர் குடிக்கும் அளவையும் பார்த்தேன். முழுக்கக் காயவைத்த சூளைக் கல் 2.9 கிலோ இருந்தது. ஒரு நாள் முழுதும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பின் 3.4 கிலோ. கூடிய அரைக் கிலோவைக் காய்ந்த எடையால் வகுத்தால் 17 விழுக்காடு வருகிறது. சாதாரணக் கல்லுக்கு 20 வரை செல்லலாம் என்று ஐ.எஸ். 1077 சொல்வதால் இது தவறான கல் அன்று. பூச்சுக்கு உள்ளே இருக்கும் சுவருக்குத் தாராளமாகப் போதும். வயர் கட் கல் 3.1-லிருந்து 3.5-க்குப் போனது, 13 விழுக்காடு. மழை நேரே அடிக்கும் மேற்கு முகத்துக்கு இந்த நான்கு விழுக்காட்டு வேறுபாட்டை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

ஆகவே மேற்குச் சுவருக்கு வயர் கட் கல்லே சரி என்பது என் கருத்து. மொத்தச் செலவில் அது ஒட்டுக்கல் வழியைவிடக் குறைவு, பொறுக்கிய சூளைக் கல்லைவிடக் கூடுதல். விவரம் தனித் தாளில் இணைத்துள்ளேன். ஒரே ஒரு நிபந்தனை கேட்டுக்கொள்கிறேன். படத்தில் கல்லுக்கு இடையேயான கலவை பத்து மில்லிமீட்டர் உள்வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் அடியில் நிழல் விழுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளம் ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் தங்கும் திட்டாகிவிடும்; ஒன்பது அங்குலச் சுவரில் குறுக்குக் கல் வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே கல்லாக ஓடுவதால் அந்த ஈரம் உட்பூச்சில் வந்து நிற்கும். கலவையின் மேல் விளிம்பை மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே அழுத்தி, கீழ் விளிம்பைக் கல்லோடு சமமாக இழுத்துச் சரிவாக முடித்தால் ஓரளவு நிழலும் கிடைக்கும், தண்ணீரும் வழிந்துவிடும். அதன் மேல் சிலாக்சேன் வகைத் தண்ணீர்த் தடுப்பை அடிக்கலாம். பளபளப்பான வார்னிஷ் மட்டும் வேண்டாம்; அது தோல் போல மூடி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து, உப்பு அந்தத் தோலுக்கு அடியில் படிந்து செதில் செதிலாக உரிக்கும். பக்கத்துத் தெருவில் அப்படி உரிந்த ஒரு முகப்பு இருக்கிறது; தாங்கள் அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

இரண்டாவது, தரை. படத்தில் கூடத்திலும் முன் தாழ்வாரத்திலும் இணைப்பே தெரியாத, வெண்மையும் சாம்பலும் கலந்த பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. சன்னல் வெளிச்சம் அதில் கண்ணாடிபோல் விழுகிறது. குறிப்பில் பொருளின் பெயர் இல்லை. மைக்ரோசிமென்டை மனத்தில் வைத்திருந்தால், அதை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆள் இப்பகுதியில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் மட்டுமே உள்ள அந்தப் பூச்சு, அடித்தளத்தில் விழும் மயிரிழை வெடிப்பையும் அப்படியே மேலே காட்டிவிடும். வெளியூரிலிருந்து ஆளை அழைத்து வந்து போட்டுவிட்டாலும் ஐந்தாண்டு கழித்து ஒரு மூலை பெயர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி நிற்கும். பழைய முறையில் ஆக்சைடு தரை போடலாமே என்றால், 1,400 சதுர அடியில் இணைப்பே இல்லாமல் இழைத்து முடிக்கும் கை உள்ளவர்கள் இன்று மிகச் சிலரே. வெடிப்பு பற்றிய உறுதியை அவர்களும் தருவதில்லை. இந்த இரண்டையும் விலக்கிவிட்டால் மிஞ்சுவது பெரிய அளவு விட்ரிஃபைட் டைல்ஸும் ஆத்தங்குடிக் கல்லும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் படத்துக்குப் பக்கத்தில் வரும். குஜராத் மோர்பியிலிருந்து வரும் 800-க்கு 1600 அளவில் போட்டால் கூடத்தில் இணைப்புக் கோடுகள் குறைவு. அந்தப் பளபளப்பும் கிடைக்கும். கறை பிடிக்காது, எவர் எதை ஊற்றிக் கழுவினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெரிய ஓடு என்பதால் அடித்தளம் மிகச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஓட்டின் முனை அடுத்ததைவிடத் துருத்தி நின்று வெறுங்காலில் தட்டும். தாழ்வாரத்துக்கு மட்டும் இதை நான் வேண்டாம் என்பேன். சாரல் அடித்து நனைந்த பளபளப்பு ஓட்டில் வயதானவர்கள் நடப்பது ஆபத்து. பெரிய ஆச்சி நாளின் பெரும்பகுதி உட்காருவது அந்தத் தாழ்வாரத்தில்தான்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித் தங்களுக்குத் தெரியும் என்றாலும், படத்தோடு ஒப்பிடுவதற்காக அது உருவாகும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமென்ட் – மணல் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து மட்டப்படுத்துவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள்கள் ஊறவைத்து எடுத்து உலர்த்துவார்கள்; கண்ணாடி தானாகக் கழலும். சூளையில் சுடுவதில்லை, இயந்திரத்தில் மெருகேற்றுவதும் இல்லை. கண்ணாடியின் முகம்தான் கல்லின் மெருகு. பூ வேலை இல்லாமல் ஒரே நிறத்திலும் செய்து கொடுப்பார்கள். படத்தில் உள்ள சாம்பல் வெண்மைக்கு நெருங்கிய நிறத்தில் நான்கு மாதிரி சொல்லி வாங்கியிருக்கிறேன்.

படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல் சொல்கிறேன். பத்து அங்குலச் சதுரக் கல் என்பதால் இணைப்புக் கோடு நிச்சயம் தெரியும். நெருக்கி ஒட்டினாலும் மெல்லிய கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கல்லும் கையால் செய்தது என்பதால் நிறம் சற்றே ஏறி இறங்கும். பதித்த புதிதில் மங்கலாக இருக்கும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க, இடையிடையே தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளப்பு ஏறும். படம் காட்டும் ஒளி முதல் நாளே கிடைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது சிமென்ட். அமிலம் பட்டால் அரிக்கும். புதுமனைப் புகுவிழாவுக்கு முன் தரையைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது ஆசிட் ஊற்றிவிட்டால் முகம் போய்விடும், திரும்ப வராது. எலுமிச்சை, புளி, மஞ்சள் ஆகியவையும் உடனே துடைக்காவிட்டால் தங்கிவிடும். அதனால் சமையலறைக்கும் குளியலறைக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் ஆத்தங்குடி, சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் சொரசொரப்பான விட்ரிஃபைட் என்பதே என் விருப்பம். பக்கத்திலேயே செய்யும் கல் என்பதால் பின்னாளில் ஒன்று உடைந்தாலும் அதே நிறம் சொல்லிச் செய்து வாங்கலாம். பெரிய ஓட்டில் அந்த வடிவம் சந்தையிலிருந்து நின்றுபோனால் மாற்று கிடைக்காது. தாங்கள் இணைப்பற்ற தோற்றத்தையே முதன்மையாகக் கருதினால் கூடத்துக்கு விட்ரிஃபைட் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. தாழ்வாரத்தை மட்டும் ஆத்தங்குடிக்கு விட்டுக்கொடுக்கக் கேட்கிறேன்.

முடிவு ஏன் பிசிசிக்கு முன் வேண்டும் என்பது இங்கேதான். ஆத்தங்குடிக் கல் 20 மில்லிமீட்டர் கனம்; அடியில் கலவைப் படுகையோடு சேர்த்துத் தரைக்கு ஏறக்குறைய 85 மில்லிமீட்டர் வேண்டும். விட்ரிஃபைட் ஓடு பத்து மில்லிமீட்டர்தான். படுகையோடு 55 போதும். மேற்குச் சுவரின் முதல் வரி அடித்தளத்தின் மேல் ஓடும் பிளிந்த் பீமின் மேல் தொடங்குகிறது. கதவும் லிண்டலும் முடிந்த தரையிலிருந்து அளக்கப்படுகின்றன. தரைக்கு 87.5 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு கல் வரி, ஒதுக்கிவிட்டால் பீமிலிருந்து லிண்டலின் அடி வரை 25 முழு வரி வந்து, எங்கும் கல்லை வெட்ட வேண்டாம். ஆத்தங்குடிக்கு இந்த அளவு தானாகவே பொருந்துகிறது. விட்ரிஃபைட் என்றால் பிசிசியை முப்பது மில்லிமீட்டர் உயர்த்திப் போட வேண்டும். எளிய வேலைதான், ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டு, லிண்டலுக்கு அடியில் உயரத்தைச் செதுக்கிக் குறைத்த கல்லை வைத்தால், பூச்சு இல்லாத சுவரில் அதை மறைக்க இடம் இல்லை.

மூன்றாவது, மரம். படத்தில் முன்கதவு, தாழ்வார விதானம், மேற்குச் சன்னல்களுக்கு முன்னால் நிற்கும் பதினெட்டு நெட்டுப் பலகைகள் எல்லாம் ஒரே வெளிர் ஓக் நிறத்தில் இருக்கின்றன. ஓக் மரத்தை இங்கே வெளியில் வைக்கும் வழக்கம் இல்லை; ஒட்டுப்பலகையில் ஓக் மேல்தாள் கிடைக்கும், அது வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்கு உரியது. நம்மிடம் இருப்பது தேக்கு. அதன் நிறம் பொன் பழுப்பு. எண்ணெய் பூசியதும் இன்னும் கருக்கும். வெளுப்பாக்கும் ரசாயனத்தால் ஓக் போல ஆக்கலாம் என்று ஒரு பாலிஷ்காரர் சொன்னார். ஒரு கோடை வெயிலில் அது மஞ்சளாகிவிடும் என்பதால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கதவுக்கும் விதானத்துக்கும் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த பர்மா தேக்கை அறுத்துப் பயன்படுத்தலாம். காரைக்குடியில் அது கிடைக்கிறது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் வளையாது. இரண்டு சங்கடங்கள் உண்டு: உள்ளே முறிந்து கிடக்கும் பழைய ஆணிகள் இழைப்பு இயந்திரத்தின் கத்தியைப் பல்லாக்கிவிடும், ஆகவே ஒவ்வொரு கட்டையையும் சோதித்து ஆணி பிடுங்க வேண்டும், ஏழு அடிக்கு மேல் பழுதில்லாத நீளம் கிடைப்பது அரிது. கதவுக்கு ஏழு அடி போதும். விதானப் பலகைகளைத் தாங்கள் படத்தில் காட்டியபடி பதினான்கு அடிக்கு ஒரே நீளமாக விடாமல், நடுவில் ஒரு சட்டம் கொடுத்து இரண்டாகப் பிரித்து வரைந்து தந்தால் வேலை எளிதாகும்.

அந்தப் பதினெட்டு நெட்டுப் பலகைகளுக்கு மட்டும் மரமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது அடி உயரத்தில், மேலும் கீழும் மட்டும் பிடித்து நிற்கும் பலகை, ஒரு பக்கம் வெயில் காய்ந்து மறுபக்கம் நிழலில் இருந்தால் முறுக்கிக்கொள்ளும். பதினெட்டில் மூன்று முறுக்கினாலும் வரிசை கெட்டுவிடும். ஆண்டுதோறும் சாரம் கட்டி எண்ணெய் பூசும் வேலையையும் வீட்டுக்காரர் இரண்டாண்டுக்கு மேல் செய்யமாட்டார். பிறகு மரம் சாம்பல் நிறமாகிவிடும். மரக்கோடு அச்சிட்ட அலுமினியம் ஒரு வழிதான், ஆனால் பக்கத்தில் உண்மையான தேக்குக் கதவு இருக்கும்போது அதன் பொய் உடனே தெரியும், மேற்கு வெயிலில் அச்சும் வெளுக்கும். அதனால் அலுமினியப் பெட்டிக் குழாயில், மரம் போல் நடிக்காமல், ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்து நிறுத்துவதே நல்லது என்று நினைக்கிறேன். செங்கல்லுக்குப் பக்கத்தில் எந்த நிறம் பொருந்தும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் என் கண்ணை நான் நம்புவதில்லை.

சன்னல் சட்டங்கள் படத்தில் இருபது மில்லிமீட்டர் கறுப்புக் கோடாக உள்ளன. நகரும் சன்னலில் அந்த மெலிவு வராது. ஏறக்குறைய இரு மடங்காகும். வெள்ளைச் சுவர்களுக்கு வேறுபாடு எதுவும் இல்லை.

மாதிரிகள் எல்லாவற்றையும் களத்திலேயே, மேற்கு வெயில் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன். வயர் கட் கல்லில் நான்கடிக்கு நான்கடி மாதிரிச் சுவர் ஒன்று, இடப்பக்கப் பாதி படத்தில் உள்ளபடி பள்ளமான இணைப்பும் வலப்பக்கப் பாதி நான் சொன்ன சரிவான இணைப்புமாக, வரும் வெள்ளிக்கிழமைக்குள் கட்டி முடித்துவிடுவேன். கல்லின் முகத்தையும் ஆத்தங்குடி மாதிரிகளையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து நேராகப் படம் பிடித்து அனுப்புகிறேன். அவற்றை வைத்து, ஒரு வரி 87.5 மில்லிமீட்டர் என்ற அளவில் மேற்கு முகப்பின் படம் ஒன்றை மட்டும் மறுபடி செய்து தரும்படி வேண்டுகிறேன். ஆச்சியிடம் அந்தப் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே கல்லுக்கு முன்பணம் கொடுப்பேன். பிசிசி வேலையை ஆவணி கடைசி வாரம் வரை நிறுத்திவைக்க முடியும். அதற்கு மேல் தள்ளினால் லிண்டல் வேலை ஐப்பசி மழைக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டட ஒப்பந்ததாரர்,
காரைக்குடி.

இணைப்பு: மேற்குச் சுவரின் மூன்று வழிகளுக்கான மதிப்பீட்டுத் தாள், வரி எண்ணிய படத்தின் அச்சு.